பருந்தின் எட்டு ஃபிரேம்கள்

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன் படங்களில் பறவை பறக்கும் காட்சிகள் பல ஏனோ ஒட்டுவதில்லை. வண்ணம் சரி, அலகு சரி, சிறகும் மேலும் கீழும் அசைகிறது. ஆனால் உடம்பில் கனமில்லை. காற்றைத் தள்ளித்தான் அது மேலே நிற்கிறது என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வருவதே இல்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சிறகு எந்த வடிவத்தில் கீழே வந்ததோ அதே வடிவத்தில் மேலேயும் போகிறது. விறைப்பாக விரிந்த சிறகு கீழே வரும்போது காற்றைக் கீழே தள்ளினால், அதே விரிப்போடு மேலே போகும்போது அதே அளவு காற்றை மேலே தள்ளிவிடும். கூட்டிக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. இயற்பியல் படிக்காத கண்ணுக்கும் இது உறுத்துகிறது.

உண்மைப் பறவை என்ன செய்கிறது என்று மனிதக் கண்ணால் பிடிக்க முடியாமல்தான் வெகுகாலம் இருந்தது. 1882-இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எட்டியென்-ஜூல் மாரே துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். விசையை அழுத்தினால் விநாடிக்கு 12 படங்கள் பதியும். அதைப் பறவைகளை நோக்கிக் குறிபார்த்து, ஒரே சிறகடிப்பின் அடுத்தடுத்த நிலைகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார். இன்று அனிமேட்டர் கணினித் திரையில் செய்வதும் அதே வேலையைத் தலைகீழாகச் செய்வதுதான்: தனித்தனி நிலைகளை வரைந்து, அவற்றை ஒரே சிறகடிப்பாகச் சேர்க்கிறார்.

நம் ஊர் வானத்தில் தினமும் பார்க்கும் கரும்பருந்தை எடுத்துக்கொள்வோம். சிறகை முழுதாக விரித்தால் சுமார் ஒன்றரை மீட்டர் அகலம். சிறகடித்துப் பறக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை அடிக்கும். திரைப்படம் விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஆக, ஒரு முழுச் சிறகடிப்புக்குக் கிடைப்பது எட்டு ஃபிரேம்கள். புறா விநாடிக்கு ஆறு முறை போல அடிக்கும். அதற்கு நான்கு ஃபிரேம்தான் மிஞ்சும், நுணுக்கம் காட்ட இடமே இல்லை. பருந்து இந்த வேலையைக் கற்க ஏற்ற பறவை.

முதல் ஃபிரேமில் சிறகு உச்சியில் இருக்கிறது. இரண்டு, மூன்று, நான்கு ஆகியவை கீழ்வீச்சு. இங்கே சிறகு முழு நீளத்துக்கு விரிந்திருக்க வேண்டும். நேர் கீழே அல்ல, கீழும் சற்று முன்னுமாக வர வேண்டும். காற்று அடியிலிருந்து தாங்குவதால் நுனி இறகுகள் மேல்நோக்கி வளைகின்றன. ஐந்தாவது ஃபிரேமில் மேற்கை அடித்தளத்தைத் தொட்டுவிடுகிறது, ஆனால் நுனி இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆறாவதில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது. தோளும் முழங்கையும் மேலே கிளம்பிவிட்டன, மணிக்கட்டு மடங்கி அவற்றைத் தொடர்கிறது, அதற்கு அப்பால் உள்ள கைப்பகுதி கீழும் பின்னுமாகத் தொங்குகிறது. ஏழாவதில் மணிக்கட்டு உடம்பைவிட உயரே போய்விட்டது. சிறகு பாதி மடங்கி, உடலை ஒட்டி, காற்றுக்கு வழிவிட்டு ஏறுகிறது. எட்டாவதில் கைப்பகுதி வெளியே விரிந்து மறுபடி உச்சிக்கு வருகிறது.

பக்கவாட்டில் பார்க்கும்போது இந்த மடக்கம் எளிதில் தெரியாது. எதிரே இருந்தோ, கொஞ்சம் மேலே இருந்தோ பார்த்தால்தான் மேல்வீச்சில் சிறகின் அகலம் குறைவது புரியும். அதனால் அனுபவமுள்ளவர்கள் பக்கத் தோற்றத்தை மட்டும் வைத்துச் சுழற்சியை முடிப்பதில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை, தோள் தொடங்கிய அசைவு நுனிக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது என்பது. கணினியில் இதைச் செய்யும் வழி சிக்கலானதல்ல. முதலில் தோள், முழங்கை, மணிக்கட்டு, இறகு நுனி நான்கையும் ஒரே நேரத்தில் அசையும்படி வைத்துவிட்டு, மணிக்கட்டின் அசைவை ஒரு ஃபிரேம் பின்னே தள்ள வேண்டும், நுனியின் அசைவை இன்னொரு ஃபிரேம். எட்டு ஃபிரேம் சுழற்சியில் அவ்வளவு போதும். நுனியை நான்கு ஃபிரேம் தள்ளினால் அது தோளுக்கு நேர் எதிராக அசையும். சிறகு எலும்பில்லாத துணியாகிவிடும். முழங்கையையும் மணிக்கட்டையும் அதிகம் பிரிக்கக்கூடாது என்பதற்கு உடலமைப்பிலேயே காரணம் உண்டு. பறவையின் முன்கையில் உள்ள இரண்டு எலும்புகளும் முழங்கை மடங்கும்போது மணிக்கட்டையும் சேர்த்து மடக்கும்படி அமைந்திருக்கின்றன. ஒன்று நேராக நிற்க மற்றொன்று முழுதாக மடங்கிய சிறகைப் பார்த்தால், பறவைகளோடு பழகியவர் உடனே முகம் சுளிப்பார்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. சிறகு கீழே போகும் நேரத்தின் பெரும்பகுதியில் உடல் உயர்கிறது, மேல்வீச்சில் தாழ்கிறது. சிறகு உச்சியைத் தொட்ட அதே ஃபிரேமில் அல்லாமல், அதற்கு ஒரு ஃபிரேம் பின்னால் உடலின் தாழ்ந்த நிலையை வைத்தால் கனம் தெரியும். எவ்வளவு உயர்ந்து தாழலாம்? பருந்தின் அடிப்பு வேகத்தில் அது ஓரிரண்டு அங்குலம்தான். திரையில் பறவை 300 பிக்ஸல் அகலம் என்றால் பத்துப் பிக்ஸல் அளவுக்கு மேல் வேண்டாம். பருந்தை வண்ணத்துப்பூச்சி போலத் துள்ள விடுவதுதான் புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. தலை மட்டும் இந்த ஏற்ற இறக்கத்தில் கூடியவரை பங்குகொள்ளாது. கழுத்து அதை வாங்கிக்கொள்ளும், பார்வை ஆடாமல் இருக்கும்.

இனி இறகுகள். மணிக்கட்டுக்கு அப்பால் கைப்பகுதியில் பத்து நீண்ட இறகுகள். முன்கையில் அவற்றைவிடக் குட்டையான ஒரு வரிசை. மேலிருந்து பார்த்தால் உடலுக்கு அருகில் உள்ள இறகு, தனக்கு அடுத்து வெளியே உள்ள இறகின் பின்னோரத்தை மூடியிருக்கும். இந்த அடுக்கு வரிசை சிறகு விரிந்தாலும் மடங்கினாலும் மாறுவதே இல்லை. கீழ்வீச்சில் காற்று அடியிலிருந்து அழுத்தும்போது, ஒவ்வொரு இறகின் அகன்ற பின்னோரமும் மேலே இருக்கும் அண்டை இறகோடு ஒட்டிக்கொள்கிறது. இடைவெளி அடைபட்டுச் சிறகு ஒரே பரப்பாகிறது. வரிசையைத் தப்பாக வைத்த படத்தில் சிறகு எப்படியோ கிழிந்தது போலத் தெரியும். என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் கண் அதைப் பிடித்துவிடும்.

கணினியில் பத்து இறகையும் தனித்தனியாக அசைக்கப் போனால், சிறகு மடங்கும்போது ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். ஆறாவது, ஏழாவது ஃபிரேம்களை நிறுத்தி, நிழல் விழும் இடங்களைப் பார்த்தால் இந்தத் தவறு அகப்படும். ஒரு ஃபிரேமில் இருந்த நிழல் கோடு அடுத்ததில் காணாமல் போகும். இதற்கு நல்ல தீர்வு, வெளியோர இறகையும் உள்ளோர இறகையும் மட்டும் மணிக்கட்டின் மடக்கத்தோடு இணைத்து, நடுவில் உள்ளவற்றுக்குக் கோணத்தைச் சமமாகப் பங்கிட்டுவிடுவது. சீட்டுக்கட்டை விரிப்பது போல எல்லாம் சேர்ந்து விரியும், சேர்ந்து ஒடுங்கும். ஒவ்வொன்றையும் தன் தண்டைச் சுற்றி இம்மியளவு சாய்த்து வைத்தால் உரசலும் நீங்கும்.

இது வெறும் கணினித் தந்திரம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு 2020 ஜனவரியில் வந்த ஓர் ஆய்வு பெரிய மகிழ்ச்சி தந்திருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லென்டிங்க் குழுவினர் புறாவின் சிறகை ஆராய்ந்து, புறாவும் ஏறக்குறைய இதையே செய்கிறது என்று காட்டினார்கள். புறா ஒவ்வொரு இறகையும் தனித்தனியாக இயக்குவதில்லை. மணிக்கட்டும் விரலும் அசைந்தால் போதும், இறகுகளை இணைக்கும் மீள்தன்மையுள்ள தசைநார் கோணத்தைப் பங்கிட்டுவிடுகிறது. அத்துடன், சிறகு விரியும்போது அண்டை இறகுகள் அளவுக்கு மீறிப் பிரியாதபடி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மடங்கும்போது தாமே விட்டுவிடுகின்றன. ஓசையின்றிப் பறக்கும் கூகையின் இறகுகளில் இந்தக் கொக்கிகள் இல்லை. உண்மையான 40 புறா இறகுகளைப் பொருத்தி அவர்கள் செய்த இயந்திரப் பறவை பறந்தும் காட்டியது.

பருந்தின் வெளியோர இறகுகளில் ஐந்தாறு மட்டும் நுனிப்பக்கம் ஒடுங்கியிருப்பதால் விரல்களைப் போலப் பிரிந்து நிற்கும். அடுக்கு இறுக்கமாக இருக்க வேண்டியது இந்த விரல்கள் தொடங்கும் இடம் வரைதான். கீழ்வீச்சில் ஒவ்வொரு விரலும் சற்றே வேறுபட்ட அளவில் மேலே வளையட்டும். எல்லாம் ஒரே அளவில் வளைந்தால் சீப்பின் பற்கள்தான் நினைவுக்கு வரும்.

சிறகை அசைக்காமல் மிதக்கும் பகுதியில்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். சிறகடிப்பின் நடுவில் ஒரு நிலையை நிறுத்திவைத்துப் பறவையை முன்னே இழுத்தால் மிதப்பு வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. கடைசிக் கீழ்வீச்சு முழுதாக முடிய வேண்டும். சிறகு மேலே வந்து, நிற்க வேண்டிய இடத்தைச் சற்றே தாண்டி, திரும்பி அமர வேண்டும். இறகு நுனிகள் அடங்க மேலும் நான்கைந்து ஃபிரேம் ஆகும். கரும்பருந்து மிதக்கும்போது முன்கை சற்று உயர்ந்தும் கைப்பகுதி சற்றுத் தாழ்ந்தும் மெல்லிய வளைவாக இருக்கும்.

அடுத்து, அது இறங்க வேண்டும். காற்று அசையாமல் இருக்கும் இடத்தில் இத்தகைய பறவை சுமார் பத்து மீட்டர் முன்னே போவதற்குள் ஒரு மீட்டர் இறங்கிவிடும். விநாடிக்குப் பத்து மீட்டர் வேகம் என்று கொண்டால், இரண்டு விநாடி மிதப்பில், அதாவது 48 ஃபிரேம்களில், இரண்டு மீட்டர் இறக்கம். அது அதன் சிறகு விரிப்பைவிட அதிகம். 300 பிக்ஸல் பறவை 400 பிக்ஸல் இறங்க வேண்டும் என்று கணக்கு வந்தால் பலரும் நம்பத் தயங்குவார்கள். இறக்கிப் பார்த்தால் காட்சி சட்டென்று நிஜமாகிவிடும். இறக்கம் முதல் ஃபிரேமிலேயே முழு வேகத்தில் தொடங்கக் கூடாது. எட்டு ஃபிரேம் அளவில் மெல்ல மெல்லப் பிடிக்கட்டும், ஏனெனில் முதலில் பறவை தன் வேகத்தைக் கொஞ்சம் செலவழித்து உயரத்தைக் காத்துக்கொள்ளும். மிதக்கும் நேரத்தில் எதுவுமே அசையாவிட்டால் அட்டைப் பறவையாகிவிடும். பிளவுபட்ட வால் ஒரு பக்கம் லேசாகத் திரும்பி மீளட்டும். ஒரு சிறகின் மணிக்கட்டு மட்டும் சிறிது மடங்கி விரியட்டும்.

மறுபடி சிறகடிக்கத் தொடங்கும் முதல் வீச்சு மற்றவற்றைவிட ஆழமாக இருக்க வேண்டும், இழந்த உயரத்தையும் வேகத்தையும் மீட்க வேண்டுமே. அதன்பின் ஐந்து அடி, ஒரு மிதப்பு, மூன்று அடி, கொஞ்சம் நீண்ட மிதப்பு என்று கலைத்துப் போட்டால், அதே எட்டு ஃபிரேம்கள் திரும்ப வருவது தெரியாது.

பருந்து சிறகசைக்காமல் மேலே ஏற வேண்டும் என்று கதை கேட்டால், வெயில் ஏறிய பிறகு தரை சூடாகிக் காற்று மேலே எழும் நேரமாகக் காட்சி இருக்க வேண்டும். அந்தக் காற்றுத் தூணை விட்டு வெளியேறாமல் இருக்க, உள்பக்கச் சிறகைத் தாழ்த்தி, வாலை விரித்து அது வட்டமிட வேண்டும். நேர்கோட்டில் மிதந்தபடி உயரும் பருந்தை ஒரு மலைச்சரிவுக்கு மேலேயோ கடலோரப் பாறைக்கு மேலேயோதான் நம்ப முடியும். அங்கே மோதும் காற்று மேலே திரும்புகிறது. சமவெளியில், விடியற்காலைக் காட்சியில், அது சிறகடித்துத்தான் ஏற வேண்டும்.