சும்மா இருந்தால் எவ்வளவு செலவு?

அமெரிக்காவில் சின்ன கிளினிக் ஒன்று. டாக்டர் அறைக்கு வெளியே அலமாரி நிறைய அட்டைக் கோப்புகள். நோயாளி வந்ததும் ஒருவர் எழுந்து போய் கோப்பைத் தேடி எடுத்து வர வேண்டும். டாக்டர் சொல்லிப் பதிவு செய்ததைத் தட்டச்சு செய்ய வெளியாளுக்குக் கூலி தனி. இதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் கட்டுப்படியாகுமா?

ராபர்ட் மில்லரும் சக ஆய்வாளர்களும் இப்படிப்பட்ட 14 சிறிய கிளினிக்குகளின் கணக்கைப் பார்த்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு டாக்டருக்கு ஆரம்பச் செலவு சராசரியாக 44,000 டாலர். அதன்பின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 8,500. ஆண்டு வரவு சுமார் 33,000. பராமரிப்பு போக ஆண்டுக்கு 24,500 கையில் நிற்கும். 44,000ஐ அதால் வகுத்தால் 1.8. அதாவது, இரண்டு வருடம் முடிவதற்குள் போட்ட பணம் திரும்பிவிட வேண்டும்.

ஆனால் ஆய்வில் வந்த சராசரி இரண்டரை வருடம். வகுத்துப் பார்க்கும் கணக்கு, முதல் நாளிலிருந்தே முழு வரவும் வருவதாக நினைத்துக்கொள்கிறது. புது மென்பொருளோடு மல்லுக்கட்டும் முதல் மாதங்களில் டாக்டர்கள் பெரும்பாலும் கூடுதல் நேரம் உட்கார வேண்டியிருந்தது. சில கிளினிக்குகளுக்குப் பணம் அவ்வளவு சீக்கிரம் திரும்பவும் இல்லை.

வரவு எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பாதி, பில்லிங்கிலிருந்து. அங்கே ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதன் ஆழத்தைப் பொறுத்துப் படிநிலை உண்டு. மேல்படிக்குக் கட்டணம் அதிகம், ஆனால் குறிப்புகளில் ஆதாரம் இருக்க வேண்டும். கையெழுத்துக் குறிப்பு அரைகுறையாக இருந்தால் கீழ்ப்படியைப் போடுவதுதான் பாதுகாப்பு. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பதிவு செய்ததும் படி உயர்ந்தது. கிளினிக்குக்கு இது லாபம். காப்பீட்டு நிறுவனத்துக்கு அதே தொகை செலவு. மீதிப் பாதிதான் கோப்பு தேடுவதும் தட்டச்சுக் கூலியும் போன்ற உண்மையான மிச்சம்.

இப்போது இன்னொரு வழி: எதையும் வாங்காமல் சும்மா இருப்பது. 2005இல் அப்படி இருந்தவருக்குக் கையை விட்டு எதுவும் போகவில்லை. பழைய கூலிகள் மட்டும் தொடர்ந்தன. 2009இல் வந்த ஹைடெக் சட்டம் அந்தக் கட்டத்தைத் திருத்தி எழுதியது. விதிப்படி மின்பதிவைப் பயன்படுத்தும் டாக்டருக்கு, முதியோருக்கான மெடிகேர் திட்டம் ஐந்து ஆண்டுகளில் அதிகபட்சம் 44,000 டாலர் ஊக்கத்தொகை தந்தது. பயன்படுத்தாதவருக்கு 2015 முதல் மெடிகேர் கட்டணத்தில் வெட்டு: அந்த ஆண்டு 1 சதவீதம், அடுத்து 2, பிறகு 3.

மெடிகேரிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வாங்கும் டாக்டருக்கு, மூன்று ஆண்டு வெட்டு மொத்தம் 6,000 டாலர்தான். மென்பொருளுக்குப் போடும் பணத்தோடு ஒப்பிட்டால் இது அற்பம். ஓய்வு பெற மூன்று நான்கு வருடமே இருந்த டாக்டர் பேசாமல் அபராதத்தைக் கட்டியிருந்தால், கணக்குப்படி அவர் செய்ததில் தப்பில்லை. நாற்பது வயதுக்காரர் சும்மா இருந்திருந்தால், அவர் கணக்கில் கிடைக்காமல் போன 44,000ஐயும் சேர்த்தே எழுத வேண்டும்.