கரண்ட் வந்த பிறகு பல்பு ஏன் மக்கர் செய்கிறது?

மழைக்கால ராத்திரி. கரண்ட் போகிறது, வருகிறது, இரண்டு நொடியில் மறுபடி போகிறது. மூன்றாவது முறை நின்று எரியும்போது ஹாலில் இருக்கும் வைஃபை பல்பு மட்டும் படபடவென்று மின்னுகிறது. மொபைல் செயலியில் அது ‘ஆஃப்லைன்’. பல்பு கெட்டுவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது கெட்டிருக்காது.

வைஃபை பல்பில் ரீசெட் பட்டன் கிடையாது. அதனால் சுவிட்சை மூன்று முதல் ஐந்து முறை வேகமாகப் போட்டு அணைத்தால், பழைய இணைப்பை மறந்து புது இணைப்புக்குத் தயாராகும்படி பல கம்பெனிகள் அதை அமைத்திருக்கின்றன. அணைத்தது வீட்டுக்காரரா, மின்வாரியமா என்று பல்புக்குத் தெரியாது. லைனில் பழுது இருக்கும்போது சப்ளை கொடுத்துப் பார்ப்பதும் அது மறுபடி ட்ரிப் ஆவதும் சகஜம். பல்பு அதையே ரீசெட் என்று எடுத்துக்கொள்கிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பல்பு எரியும் விதத்தை. வேகமாக மின்னினால் ரீசெட் ஆகிவிட்டது. மின்னாமல் சீராக எரிந்தும் செயலியில் ஆஃப்லைன் என்று காட்டினால், கோளாறு ரவுட்டர் பக்கம்.

ரீசெட் ஆன பல்பைச் செயலியிலிருந்து நீக்கிவிடக் கூடாது. அதே கணக்கில் மறுபடி சேர்த்தால், பல செயலிகளில் பழைய பெயரும் டைமர்களும் அப்படியே திரும்பிவிடும். நீக்கினால் எல்லாம் போய்விடும். சேர்க்கும்போது மொபைல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருப்பது நல்லது. பெரும்பாலான பல்புகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் எட்டாது.

சீராக எரியும் பல்பின் கதை வேறு. கரண்ட் வந்ததும் பல்பு சில நொடிகளில் விழித்துக்கொள்கிறது. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் தயாராக ஓரிரு நிமிடம் ஆகும். அதுவரை வைஃபையைத் தேடும் பல்புகளில் சில அலுத்துப்போய்த் தேடுவதையே நிறுத்திவிடுகின்றன. ரவுட்டர் விளக்குகள் நிலைத்த பிறகு பல்பை ஒரே ஒரு முறை அணைத்து, பத்து நொடி விட்டுப் போட்டால் ஒட்டிக்கொள்ளும். பொறுமையிழந்து சுவிட்சைத் தட்டிக்கொண்டே இருந்தால் அதுவே ரீசெட் ஆகிவிடும்.

இது அடிக்கடி நடந்தால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு மினி யுபிஎஸ் வைக்கலாம். வாங்கும் முன் இரண்டின் அடாப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கரண்ட் விட்டு விட்டு வருவதால் நேரும் ரீசெட்டை இது தடுக்காது. அதற்கு பல்பை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றலாம். இல்லையென்றால் சப்ளை நிலைக்கும்வரை சுவிட்சை அணைத்து வைக்கலாம்.

நள்ளிரவில் கரண்ட் வந்ததும் பல்பு முழு வெளிச்சத்தில் எரிவது பழுதே அல்ல. செயலியில் அந்தப் பல்பின் அமைப்புகளுக்குள், கரண்ட் வந்ததும் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் பகுதி பல மாடல்களில் உண்டு. அதில் ‘முன்பிருந்த நிலை’யைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அணைந்திருந்த பல்பு அணைந்தே இருக்கும்.