அப்பாவின் அக்காதான் அம்மாச்சி

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரே அம்மாள் மூன்று படங்களில் இருக்கிறார். ஒன்றின் பின்னால் ‘அக்கா’ என்று எழுதியிருக்கிறது, இன்னொன்றில் ‘அத்தை’, மூன்றாவதில் ‘அம்மாச்சி’. மூன்றுமே சரி. அப்பா தன் சொந்த அக்கா மகளைக் கட்டியவர். அதனால் அந்த அம்மாள் அப்பாவுக்கு அக்கா, சித்தப்பா பிள்ளைகளுக்கு அத்தை, எங்களுக்கு அம்மாவைப் பெற்ற அம்மாச்சி. அவரவர் தமக்கான முறையை எழுதிவிட்டார்கள்.

அதே ஆல்பத்தில் சிறுமியான அம்மாவும் ஓர் இளைஞரும் நிற்கும் படம் உண்டு. பின்னால் அம்மாவின் கையெழுத்தில் ‘நானும் மாமாவும்’. அந்த இளைஞர் அம்மாவுடன் பிறந்த அண்ணன் என்றே என் மகள் நினைத்திருந்தாள். அவர் என் அப்பா! கல்யாணத்துக்கு முன்பே அம்மாவுக்கு அவர் தாய்மாமன்.

முறைச்சொல் ஓர் ஆளின் பெயரல்ல, இருவருக்கு நடுவிலுள்ள உறவு. யாருக்கு மாமா என்று தெரியாவிட்டால் ‘மாமா’ எதையும் சொல்லாது. தெரிந்தாலும் போதாது. தாய்மாமன், அத்தையின் கணவர், மாமனார் மூவருமே மாமாதான். மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இந்த மூவரில் இருவர் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

‘பெரியத்தை’யும் இப்படித்தான். அப்பாவுக்குத் தங்கைகள் இருவர் என்றால் அவர்களில் மூத்தவரும் பெரியத்தைதான். அவர் அப்பாவுக்கு மூத்தவரா இளையவரா என்பது அந்தச் சொல்லில் இல்லை. மூத்தவரானால் ‘அப்பாவின் அக்கா’ என்றே எழுதிவிட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: பெரியப்பா மகளும் அப்பாவுக்கு அக்காதான். ‘உடன்பிறந்த’ என்ற ஒரு சொல் சேர்த்தால் அந்தக் குழப்பம் தீரும்.

நான் இப்போது முதலில் ஆளின் பெயர், அடுத்து இன்னாருடைய உடன்பிறந்த அக்கா, இன்னாருடைய தாய் என்று பெயர் சொல்லி எழுதுகிறேன். வெறும் ‘அப்பா’ என்றால் அடுத்த தலைமுறை தங்கள் அப்பாவை நினைத்துக்கொள்ளும். கடைசியில் ‘நாங்கள் அழைத்தது அம்மாச்சி’ என்று சேர்ப்பேன். மதுரைப் பக்கத்து அம்மாச்சி கொங்கு நாட்டில் அம்மாயி ஆகிவிடுவார். அந்தச் சொல்லும் படத்தோடு இருக்கட்டும்.

பழைய படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுத வேண்டும். பால்பாயிண்ட் பேனாவின் தடம் முன்பக்கம் முகத்தில் தெரியும். வழவழப்பான புதிய படங்களில் பென்சில் பிடிக்காது, தனித்தாளில் எழுதி உறைக்குள் வைக்கலாம்.

பெரியவர்களிடம் “இது யாரு?” என்று கேட்டால் “நம்ம மாமாடா” என்பதோடு முடிந்துவிடும். “இவரு யாரு மகன்? கூடப் பிறந்தது யாரு யாரு?” என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டபோதுதான், கல்யாணமான பிறகும் அப்பாவை மாமா என்றே கூப்பிட்டதை அம்மா சொன்னாள்.