சாணத்தின் மேல் தெளித்த மருந்து
கொடைக்கானல் மலைக் கிராமங்களில் பால் கறக்கும் முன் மடி கழுவ, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போதும். ஊதாக் கரைசல் பழுப்பானால், கிருமியைக் கொல்ல வேண்டிய மருந்து சாணத்திலேயே தீர்ந்துவிட்டது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

இது தோல் தாங்கும் ஆன்டிசெப்டிக். கொட்டகைத் தரைக்கு உரியது பிளீச்சிங் பவுடர், 10 லிட்டருக்கு 300 கிராம். அதை மடியில் தடவினால் காம்பு வெடித்து, அந்த வெடிப்பிலேயே கிருமி குடியேறும்.

பலரும் தவறுவது தரையில்தான். சாணத்தின் மேல் தெளித்தால், நிறம் மாறாததால் குளோரின் வீணானது கண்ணுக்குத் தெரியாது. மாட்டை வெளியே கட்டி, சாணத்தைச் சுரண்டிக் கழுவிய பிறகே தெளிக்க வேண்டும். உடனே தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது. குளிரில் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால், மலையில் அரை மணி நேரமாவது தரை ஈரமாக இருக்கட்டும்.