ஒரே விற்பனை, இரண்டு வாரக் கணக்கு!

கடையின் தினசரி விற்பனையை எக்செல்லில் ஏற்றி வாரம் வாரம் கூட்டுகிறீர்கள். பில் போடும் சாஃப்ட்வேரும் வார ரிப்போர்ட் தருகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? எனக்குத் தெரிந்த ஸ்வீட் கடைக்காரர் கல்லாவில் உட்காரும் பையனைச் சந்தேகப்பட்டார். நான் ஒரு புரோகிராமர் என்பதால் விஷயம் என்னிடம் வந்தது.

அவருடைய கணக்கைப் பாருங்கள். 2024 ஜனவரியில் இரண்டாம் வார விற்பனை எக்செல்லில் 30,500 ரூபாய், பில் சாஃப்ட்வேரில் 33,000 ரூபாய். ஆனால் ஜனவரி மாத மொத்தம் இரண்டிலும் ஒன்றுதான். பணம் காணாமல் போயிருந்தால் மாதக் கணக்கும் இடித்திருக்கும் அல்லவா?

எக்செல்லில் அவர் WEEKNUM ஃபார்முலாவைப் பயன்படுத்தியிருந்தார். நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையில் வாரத்தைத் தொடங்கும். ஆகவே அதன் இரண்டாம் வாரம் 7 முதல் 13 வரை. பில் சாஃப்ட்வேர் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறையைப் பின்பற்றியது. இதில் வாரம் திங்களன்று தொடங்கும். ஆண்டின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அதுவே முதல் வாரம். அந்த ஆண்டில் அதன் இரண்டாம் வாரம் 8 முதல் 14 வரை.

திங்கள் முதல் சனி வரை விற்ற 24,000 இரண்டிலும் பொது. எக்செல் 7ஆம் தேதி ஞாயிறின் 6,500-ஐச் சேர்த்தது. மற்றது 14ஆம் தேதி ஞாயிறின் 9,000-ஐச் சேர்த்தது. 14ஆம் தேதி போகி, வியாபாரம் கேட்கவா வேண்டும்! வித்தியாசம் 2,500. பையன் பாவம்.

எக்செல்லையும் ஐஎஸ்ஓ முறைக்கு மாற்ற, தேதி A2 செல்லில் இருந்தால் இப்படி டைப் செய்யுங்கள்.

```
=WEEKNUM(A2,21)
```

21-க்குப் பதில் 2 என்று கொடுத்தாலும் வாரம் திங்களில்தான் தொடங்கும். ஆனால் ஜனவரி 1 வரும் வாரத்தையே அது முதல் வாரமாக எண்ணும். 2024-ல் ஜனவரி 1 திங்கள் என்பதால் தவறு வெளியே தெரியாது. 2023-ல் அது ஞாயிறு. எனவே மறுநாள் முதல் ஒரு எண் கூடுதலாகக் காட்டும்.

வருடக் கடைசியில் இன்னொரு வம்பு இருக்கிறது. 2024 டிசம்பர் 30, 31 ஆகிய நாட்கள் ஐஎஸ்ஓ முறைப்படி 2025-இன் முதல் வாரம். வார எண்ணை மட்டும் வைத்து 2024-ஐக் கூட்டினால் அந்த இரண்டு நாள் விற்பனை ஜனவரி முதல் வாரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் நான் வார எண்ணையே விட்டுவிட்டு, அந்தந்த வாரத்தின் திங்கட்கிழமைத் தேதியை வைத்துக் கூட்டுவேன்.

```
=A2-WEEKDAY(A2,2)+1
```

விடை வெறும் ஐந்திலக்க எண்ணாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். அந்த செல்லுக்கு Format Cells-ல் Date என்று தேர்வு செய்தால் தேதி வந்துவிடும்.