27-ஐ 6,100-ஆல் பெருக்கலாமா?

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் விவரத்தாளில் இன்ஜினின் திறமையைச் சொல்பவை இரண்டே வரிகள். பவர் 20.2 பிஹெச்பி, 6,100 ஆர்பிஎம்மில். டார்க் 27 நியூட்டன் மீட்டர், 4,000 ஆர்பிஎம்மில். இந்த இரண்டு வரிகளையும் இரண்டு தனித்தனிக் குணங்களாகவே பலர் படிக்கிறார்கள். டார்க் என்றால் இழுவை, பவர் என்றால் வேகம் என்று ஒரு சூத்திரமே ஊருக்குள் உலவுகிறது. உண்மையில் இன்ஜினைச் சோதிக்கும் டைனமோமீட்டர் பவரை அளப்பதே இல்லை. அது அளப்பது டார்க்கையும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதையும்தான். இரண்டையும் பெருக்கி வருவதுதான் பவர்.

டார்க் என்பது ஒரு தண்டைத் திருகும் விசை. தண்டின் மையத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று 27 நியூட்டன் விசையோடு தள்ளினால் 27 நியூட்டன் மீட்டர். ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ எடை ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் தொங்குவதற்குச் சமம். அப்படித் தள்ளிக்கொண்டே ஒரு முழுச் சுற்று வந்தால் நடந்த தூரம் 6.283 மீட்டர், அதாவது ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு. விசையைத் தூரத்தால் பெருக்கினால் ஒரு சுற்றுக்குச் செய்த வேலை: 169.6 ஜூல். 4,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 66.67 சுற்று. ஆக, நொடிக்குச் சுமார் 11,310 ஜூல். நொடிக்கு ஒரு ஜூல் என்பதே ஒரு வாட் என்பதால் இது 11.31 கிலோவாட்.

ஒவ்வொரு முறையும் இவ்வளவு தூரம் சுற்ற வேண்டாம். 60,000-ஐ 6.283-ஆல் வகுத்தால் 9,549 வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்:

கிலோவாட் = நியூட்டன் மீட்டர் × ஆர்பிஎம் ÷ 9,549

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விவரத்தாளில் இருக்கும் பெரிய எண்கள் இரண்டையும் எடுத்து, 27-ஐ 6,100-ஆல் பெருக்கி 9,549-ஆல் வகுக்கிறார்கள். 17.25 கிலோவாட் என்று விடை வருகிறது. அப்படி ஒரு பவரை இந்த இன்ஜின் எந்த நிமிடத்திலும் தந்ததில்லை. 27 நியூட்டன் மீட்டர் என்பது 4,000 ஆர்பிஎம்மில் மட்டுமே உள்ள உச்சம். 6,100-இல் டார்க் எவ்வளவு என்று கம்பெனி அச்சிடவில்லை; ஆனால் அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் தெரிந்துவிடும். கம்பெனி சொல்லும் உச்ச பவர் கிலோவாட்டில் 14.87. அதை 9,549-ஆல் பெருக்கி 6,100-ஆல் வகுத்தால் 23.3 நியூட்டன் மீட்டர்.

ஏறக்குறைய நாலு நியூட்டன் மீட்டர் எங்கே போயிற்று? சுற்று ஏற ஏற, இன்டேக் வால்வு திறந்திருக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே போகிறது. சிலிண்டர் முழுதாக நிரம்புவதற்குள் வால்வு மூடிவிடுகிறது. ஒவ்வொரு வெடிப்பின் பலமும் குறைகிறது, உராய்வில் போவதும் கூடுகிறது. ஆனால் நொடிக்கு வரும் வெடிப்புகளின் எண்ணிக்கை ஏறுவதால் பெருக்குத்தொகை சிறிது தூரம் ஏறவே செய்கிறது. சுற்று கூடும் விகிதத்தைவிட டார்க் வேகமாகச் சரியத் தொடங்கும் இடத்தில் அதுவும் நின்றுவிடும். கிளாசிக்கில் அந்த இடம்தான் 6,100. ஆகவே எந்த வண்டியிலும் உச்ச பவர், உச்ச டார்க்குக்குப் பிறகுதான் வரும்.

இனி அந்த 14.87-ஐப் பார்க்க வேண்டும். ஒரு பிஹெச்பி என்பது 0.7457 கிலோவாட். 14.87-ஐ அதனால் வகுத்தால் 19.94 வருகிறது, 20.2 வரவில்லை. கணக்கில் தவறில்லை. குதிரைத்திறனில் இரண்டு குதிரைகள் இருக்கின்றன. ஒன்று ஜேம்ஸ் வாட் கட்டிய பிரிட்டிஷ் குதிரை. நம் ஊர்ச் செக்கு மாட்டைப் போல ஆலையைச் சுற்றும் ஒரு குதிரை, 12 அடி ஆரத்தில் 180 பவுண்டு விசையோடு இழுத்தபடி மணிக்கு 144 சுற்று வருவதாக அவர் வைத்துக்கொண்டார் என்பார்கள். பெருக்கினால் நிமிடத்துக்கு 32,572 அடி-பவுண்டு; அதை 33,000 என்று முழுமையாக்கினார்கள். அதுதான் 745.7 வாட். மற்றது ஐரோப்பாவில் மெட்ரிக் அளவில் பிறந்த பிஎஸ்: 75 கிலோ எடையை நொடிக்கு ஒரு மீட்டர் தூக்கும் திறன், 735.5 வாட். 14.87-ஐ 0.7355-ஆல் வகுத்துப் பாருங்கள், 20.2 வந்து நிற்கும். அதாவது பிஹெச்பி என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பிஎஸ். இந்திய வாகனச் சந்தையில் இரண்டும் ஒன்றுபோலப் புழங்குவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றரைக்கும் குறைவு, ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு வண்டியின் பிஎஸ்ஸையும் இன்னொன்றின் பிஹெச்பியையும் பக்கத்தில் வைத்து அரைப் புள்ளிக்காக மல்லுக்கட்டுகிறவர்கள், முதலில் இரண்டையும் கிலோவாட்டுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

வாட்டின் குதிரை இன்னொன்றையும் காட்டுகிறது. அது தண்டில் செலுத்திய டார்க்கை நம் அலகுக்கு மாற்றினால் 2,900 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது, கிளாசிக்கைப் போல நூறு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் பவர் ஒன்றே ஒன்று, ஏனென்றால் அது நிமிடத்துக்கு 2.4 சுற்றுதான் வந்தது.

அப்படியானால் 'டார்க்தான் இழுவை' என்பது? யமஹா ஆர்15-ஐ எடுத்துக்கொள்வோம். 155 சிசி, 7,500 ஆர்பிஎம்மில் 14.2 நியூட்டன் மீட்டர். கிளாசிக்கின் டார்க்கில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. இரண்டு வண்டிகளும் மணிக்கு 72 கிலோமீட்டரில் போவதாக வையுங்கள். பின்சக்கரத்தின் சுற்றளவு இரண்டிலும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் என்பதால் சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றும். கணக்குக்காக, இன்ஜின் உச்ச டார்க்கில் இருக்கும்படி கியர் அமைந்துவிட்டது என்போம். கிளாசிக்கில் 4,000 சுற்று 600 ஆகக் குறைகிறது, 6.67 மடங்கு, டார்க் அதே மடங்கு பெருகிச் சக்கரத்தில் 180 நியூட்டன் மீட்டர். ஆர்15-இல் 7,500 சுற்று 600 ஆகிறது, 12.5 மடங்கு, சக்கரத்தில் 177.5. ஏறக்குறைய ஒரே இழுவை! அந்தச் சுற்றில் இரண்டின் பவரும் 11.31, 11.15 கிலோவாட் என்று பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே காரணம். கியர்பாக்ஸ் டார்க்கைக் கூட்டும், சுற்றைக் குறைக்கும். பெருக்குத்தொகையை மட்டும் அதனால் கூட்ட முடியாது.

கிளாசிக்கில் ஏறி உட்கார்ந்தவருக்கு இழுவை அதிகம் என்று தோன்றுவது பொய்யில்லை. அந்த 11 கிலோவாட்டுக்கு ஆர்15-ஐ 7,500 வரை முறுக்க வேண்டும். கிளாசிக் அதை 4,000-இலேயே, கியர் மாற்றாமல் தந்துவிடுகிறது. அந்தச் சௌகரியத்தைத்தான் நாம் இழுவை என்கிறோம்.

இந்த எண்களெல்லாம் கிராங்க் தண்டில் எடுத்தவை என்பதையும் மறக்கக் கூடாது. பின்சக்கரத்தை உருளைமேல் ஏற்றிச் சோதிக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோனால், கியரிலும் செயினிலும் டயரிலும் போனது போகத்தான் எண் வரும். 14.87-க்குப் பதில் 13 கிலோவாட் என்று திரையில் வந்தால் இன்ஜின் கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டியதில்லை. அதே வண்டியை 2,200 மீட்டருக்கு மேலே உள்ள ஊட்டியில் சோதித்தால், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால் இன்னும் கீழே இறங்கும். அதைச் சமன்படுத்த ஒரு திருத்தக் கெழுவால் பெருக்கி அச்சிடுவது வழக்கம். வண்டியில் சைலன்சரோ ஏர் ஃபில்டரோ மாற்றிவிட்டு முன்னும் பின்னும் ஒப்பிடுகிறவர்கள், இரண்டு தாள்களிலும் அலகும் திருத்தமும் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். முன்னதில் 17.5 பிஹெச்பி, பின்னதில் 17.7 பிஎஸ் என்று இருந்தால், இரண்டுமே 13 கிலோவாட்தான்.