இன்கமிங்குக்குக் காசு கொடுத்தவர் யார்?

2019 அக்டோபரில் ஜியோ சிம் வைத்திருந்தவர்களுக்குப் புதிதாக ஒரு ரீசார்ஜ் வந்தது. பத்து ரூபாய்க்கு 124 நிமிடம். எந்த நம்பருக்கு எவ்வளவு பேசினாலும் காசு இல்லை என்று சொல்லி மூன்று ஆண்டுகளாக சிம் விற்ற நிறுவனம், இனி ஏர்டெல், வோடபோன் ஐடியா எண்களுக்குப் பேசினால் நிமிடத்துக்கு 6 பைசா என்று அறிவித்தது. ஜியோவிலிருந்து ஜியோவுக்கு இலவசம் தொடர்ந்தது. 124 என்ற விசித்திரமான எண்ணுக்கும் கணக்கு உண்டு. பத்து ரூபாய் ரீசார்ஜில் வரியும் பிடித்தமும் போக மிஞ்சும் டாக்டைம் 7 ரூபாய் 47 காசு. அதை ஆறு ஆறு பைசாவாகச் செலவழித்தால் 124 நிமிடம் பேசலாம்.

அந்த 6 பைசாவை ஜியோ தன் பையில் போட்டுக்கொள்ளவில்லை. அது நேராக எதிர்முனையில் இருந்த நிறுவனத்துக்குப் போனது. தொலைத்தொடர்புத் துறையில் இதற்கு ஐ.யு.சி. என்று பெயர். இணைப்புக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம். பதினெட்டு ஆண்டுகளாக நாம் பேசிய பேச்சின் விலைக்கு அடியில் இது கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது.

மதுரையில் 'அ' நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவர், திருநெல்வேலியில் 'ஆ' நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் அக்காவைக் கூப்பிடுகிறார். அ-வின் ஸ்விட்ச் முதலில் அந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று பார்க்கிறது. எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி 2011-இல் நாடு முழுவதும் வந்துவிட்டதால், முதல் நான்கைந்து இலக்கத்தை வைத்து நெட்வொர்க்கைச் சொல்ல முடியாது. ஆ-விடம் இருக்கிறது என்று தெரிந்ததும், இரண்டு நிறுவனங்களும் கைகோக்கும் இடத்தில் அழைப்பை ஒப்படைக்கிறது. அங்கிருந்து டவரைத் தேடி, அக்காவின் போனை அடிக்க வைத்து, பேசி முடிக்கும்வரை அலைவரிசையைத் தாங்கிப் பிடிப்பது ஆ-வின் வேலை. மூன்று நிமிடம் பேசினால், தம்பி தன் கம்பெனிக்குக் காசு கொடுக்கிறார். அக்காவின் கம்பெனிக்கு அக்கா எதுவும் கொடுப்பதில்லை. அந்தக் கம்பெனி செய்த வேலைக்குக் கூலியை அ கொடுக்க வேண்டும். கட்டணம் 14 பைசாவாக இருந்த காலத்தில் இது 42 பைசா.

இப்படி ஒவ்வொரு அழைப்புக்கும் உடனுக்குடன் பணம் கைமாறுவதில்லை. யார், எந்த எண்ணுக்கு, எத்தனை வினாடி என்ற பதிவை இரண்டு பக்கமும் தனித்தனியே வைத்துக்கொள்ளும். பிறகு ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசத்துக்கு மட்டும் பில் தீரும். ஒரு மாதத்தில் அ-விலிருந்து ஆ-வுக்கு 100 கோடி நிமிடமும், ஆ-விலிருந்து அ-வுக்கு 60 கோடி நிமிடமும் போயிருந்தால், மிச்சம் 40 கோடி நிமிடத்துக்கு 14 பைசா வீதம் 5 கோடியே 60 லட்ச ரூபாயை அ கொடுக்கும்.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். 1995-இல் செல்போன் வந்தபோது ஒரு நிமிடப் பேச்சுக்கு உச்சவரம்பு 16 ரூபாய் 80 காசு. நம்மை ஒருவர் கூப்பிட்டாலும் நாமே காசு கொடுக்க வேண்டும். லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு வரும் அழைப்புக்கு அரசின் தொலைபேசித் துறை செல் நிறுவனத்துக்கு எதுவும் தராததால், அந்தச் செலவை வாங்குபவர் தலையில் கட்டினார்கள். போன் அடித்ததும் திரையைப் பார்த்து, கட் பண்ணிவிட்டு, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தவர்கள் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி 2003 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கூப்பிடுபவரே முழுச் செலவையும் ஏற்பார், அவருடைய கம்பெனி எதிர்க் கம்பெனிக்குப் பங்கு தரும், இன்கமிங் இலவசம். 2004 பிப்ரவரியிலிருந்து அந்தப் பங்கு எல்லா நெட்வொர்க்குக்கும் ஒரே மாதிரி நிமிடத்துக்கு 30 பைசா என்று ஆனது.

நாடு முழுக்க செல்போன் பரவியதற்கு இலவச இன்கமிங் ஒரு பெரிய காரணம். அந்த அளவில் ஐ.யு.சி. நல்லதே செய்தது. சிக்கல் அதன் விலையில் இருந்தது.

அ-வும் ஆ-வும் சமமாக, ஆளுக்கு 100 கோடி நிமிடம் பரிமாறிக்கொண்டால் யாரும் யாருக்கும் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். அப்படியானால் இந்தக் கட்டணத்தால் விலை ஏன் ஏற வேண்டும்? கம்பெனியின் விலை நிர்ணயப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தால் விடை தெரியும். மாதக் கடைசியில் கணக்கு நேராகலாம். ஆனால் விலையைக் குறைத்து வாடிக்கையாளரைக் கூடுதலாகப் பேச வைத்தால், அந்தக் கூடுதல் நிமிடம் ஒவ்வொன்றுக்கும் 30 பைசா வெளியே போகும். திரும்பி வரும் அழைப்பு அதே அளவு கூடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அதனால் வெளி நெட்வொர்க் அழைப்பை 30 பைசாவுக்குக் கீழே விற்கத் துணிந்தவர் நஷ்டத்துக்கு விற்பதாகவே பொருள். தன் செலவும் லாபமும் அதற்கு மேல். போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் விலை அந்தத் தரைக்குக் கீழே இறங்காது. எதிராளியிடமும் அதே தரை இருந்ததால், யாருக்கும் அதை உடைக்கும் அவசரமும் இல்லை.

இந்தக் கூலியைச் சந்தை தானாகக் குறைத்திருக்கவும் முடியாது. அக்காவின் எண்ணுக்குப் போக ஒரே வழி அக்காவின் கம்பெனிதான். அது அதிகம் கேட்கிறது என்று தம்பி வேறு கம்பெனி வழியாக அக்காவைப் பிடிக்க முடியாது. அக்காவுக்கோ தன் கம்பெனி பிறரிடம் என்ன வாங்குகிறது என்பதே தெரியாது. தெரிந்தாலும் கவலை இல்லை, அவர் பையிலிருந்து போகவில்லையே. ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளரை அடையும் வாசலுக்கு ஏகபோக முதலாளி. அதனால்தான் உலகெங்கும் இந்த ஒரு கட்டணத்தை அரசு ஆணையங்கள் நிர்ணயிக்கின்றன.

சொந்த நெட்வொர்க்குக்குள் பேசினால் இந்தக் கூலி கிடையாது. "ஏர்செல் டு ஏர்செல்" போன்ற சலுகைகள் அங்கிருந்து முளைத்தவை. நம்பர் வாங்கும்போதே "உங்களுது எந்த நெட்வொர்க்?" என்று கேட்டதும், இரண்டு சிம் போன்கள் கொழித்ததும் இதன் விளைவே. இதில் பெரிய நிறுவனத்துக்கு இயல்பாகவே அனுகூலம். சந்தையில் பாதியை வைத்திருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பத்துப் பேரைக் கூப்பிட்டால், தோராயமாக ஐந்து பேர் அதே நெட்வொர்க்கில் இருப்பார்கள். ஐந்து சதவீதம் மட்டும் பிடித்திருக்கும் புதியவனுக்கு, இருபது அழைப்பில் பத்தொன்பது வெளியே போகும். கட்டணம் 20 பைசா என்றால், ஒரு நிமிடத்துக்குச் சராசரியாகப் பெரியவனுக்கு 10 பைசாவும் புதியவனுக்கு 19 பைசாவும் கைவிட்டுப் போகும். விலை குறைத்து ஆள் பிடிக்க வேண்டியவனுக்கே செலவு இரட்டிப்பு!

டிராய் மெல்ல மெல்லக் குறைத்தது. 2009 ஏப்ரலில் 20 பைசா. அதே ஜூனில் தென்னிந்தியாவில் டாடா டோகோமோ 'வினாடிக்கு ஒரு பைசா' என்று வந்து எல்லோரையும் பின்தொடர வைத்தது. அது இந்தக் குறைப்பால் மட்டும் நடந்ததல்ல, ஆனால் தரை தாழ்ந்திருந்தது அதற்கு இடம் கொடுத்தது. 2015 மார்ச்சில் 14 பைசா. 2017 அக்டோபரில் 6 பைசா.

கடைசி ஆறு பைசாவுக்குத்தான் பெரிய சண்டை. எல்லா அழைப்பும் இலவசம் என்று 2016-இல் நுழைந்த ஜியோவிலிருந்து வெளியே போன அழைப்புகள், உள்ளே வந்ததைவிட மிக அதிகம். மூன்று ஆண்டில் இந்த வகையில் 13,500 கோடி ரூபாய் கொடுத்ததாக அந்த நிறுவனம் சொன்னது. நம் ஊர் மிஸ்டு கால் பழக்கமும் கணக்கில் புகுந்தது. காசு கட்டிப் பேசும் பழைய 2ஜி வாடிக்கையாளர், இலவசமாகப் பேசும் ஜியோ நண்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அவர் திருப்பிக் கூப்பிடுவார். அடுத்த நெட்வொர்க்குக்கு வருமானம், ஜியோவுக்குச் செலவு. ஜியோ வேறொரு வழி கண்டுபிடித்தது. தன் வாடிக்கையாளர் வெளியே கூப்பிடும்போது போன் அடிக்கும் நேரத்தை 20 வினாடியாகக் குறைத்தது. மற்ற நிறுவனங்களில் அது 45 வினாடி வரை இருந்தது. எடுப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும். தவறவிட்டவர் திருப்பிக் கூப்பிடுவார், இப்போது கூலி ஜியோவுக்கு! ஏர்டெல்லும் பதிலுக்கு 25 வினாடியாகக் குறைத்தது. மாடியிலிருந்து இறங்கி வந்து போனை எடுக்கும் தாத்தாக்கள் இந்த வியாபாரத் தந்திரத்துக்கு இடையில் அகப்பட்டார்கள். செல்போன் குறைந்தது 30 வினாடி, லேண்ட்லைன் 60 வினாடி அடிக்க வேண்டும் என்று 2019 நவம்பரில் டிராய் உத்தரவிட வேண்டியதாயிற்று.

2020 ஜனவரியில் கட்டணத்தைப் பூஜ்யமாக்குவதாக இருந்து, ஓராண்டு தள்ளிப்போய், 2021 ஜனவரி 1 முதல் உள்நாட்டு அழைப்புக்கு ஐ.யு.சி. ஒழிந்தது. அவரவர் வாடிக்கையாளரிடம் வாங்குவதை அவரவர் வைத்துக்கொள்ளட்டும் என்பதே இப்போதைய விதி. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும் இன்னும் உண்டு. நிமிடத்துக்கு 35 முதல் 65 பைசா வரை வாங்கலாம். அதை ஏய்க்கத்தான் சிம் பாக்ஸ் கும்பல்கள் இணையம் வழியாக வரும் அழைப்பை உள்ளூர் சிம்மில் ஏற்றி அனுப்புகின்றன. துபாயிலிருந்து மகன் தன் எண்ணில் பேசும்போது உங்கள் திரையில் ஏதோ ஓர் இந்திய எண் தெரிந்தால், அநேகமாக அது அப்படி வந்த அழைப்பு. அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் இதற்கெனப் புகார் செய்ய இடம் இருக்கிறது.

பேசுபவருக்கு லாபம், சந்தேகமில்லை. ஆனால் பேசாமல் கேட்பதற்கு மட்டும் போன் வைத்திருந்தவர்கள் கதை வேறு. மாதம் பத்து ரூபாய்கூட ரீசார்ஜ் செய்யாத ஒரு பாட்டிக்கு வந்த ஒவ்வொரு அழைப்பும் அவருடைய கம்பெனிக்குக் காசு கொண்டுவந்தது. 999 ரூபாய் கட்டினால் ஆயுள் முழுக்க இன்கமிங் என்ற திட்டங்களைத் தாங்கியதும் பெருமளவு அந்த வரவே. 14 பைசா 6 ஆனபின், 2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் சிம் உயிரோடு இருக்க மாதம் குறைந்தபட்சம் 35 ரூபாய் என்றன. பிறகு அது ஏறிக்கொண்டே போனது. ஆக, இன்கமிங்குக்கு அன்று கூப்பிட்டவர் கட்டினார், இன்று பாட்டியே கட்டுகிறார். கட்டணத்தை ஒழித்தது சரிதான். இவர்களுக்கு மலிவான வழி எதையும் விட்டுவைக்காமல் ஒழித்ததுதான் தவறு. டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான திட்டம் கட்டாயம் தர வேண்டும், அது ஓராண்டு வரை செல்லலாம் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. கடைக்காரர்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம். வீட்டில் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர் இருந்தால், அடுத்த ரீசார்ஜின்போது கேட்டு வாங்குங்கள்.